மொத்தக் கோல் சமம்னா யாருக்கு வெற்றி? அவே கோல், எக்ஸ்ட்ரா டைம், பெனால்டி ஷூட்அவுட்: ஒரு விளக்கம்

2025 மார்ச் 13, மலேசிய நேரம் அதிகாலை 4 மணி. சாம்பியன்ஸ் லீக் காற்பந்துப் போட்டியில் 16 அணிகள் சுற்றின் இரண்டாவது ஆட்டம். ரியல் மாட்ரிட்டும் அட்லெட்டிக்கோ மாட்ரிட்டும் மோதின. ஆட்டம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை, அட்லெட்டிக்கோவின் கானர் கேலகர் கோல் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு 90 நிமிடம் முடியும்வரை கோலே இல்லை. அட்லெட்டிக்கோ 1-0 என்று ஜெயித்துவிட்டது.

ஜெயித்த பிறகும் ஆட்டம் முடியவில்லை. இன்னும் 30 நிமிடம் ஆடச் சொன்னார்கள். அதன் பிறகு பெனால்டி. கடைசியில் அடுத்த சுற்றுக்குப் போனது, அந்த ஆட்டத்தில் தோற்ற ரியல் மாட்ரிட்!

எப்போதாவது மட்டும் காற்பந்து பார்ப்பவர் பக்கத்தில் இருந்தால் "என்னடா இது?" என்று கேட்கத்தான் செய்வார். அதைவிட வேடிக்கை, இதே ஸ்கோர் ஐந்து வருடத்திற்கு முன்பு வந்திருந்தால், எக்ஸ்ட்ரா டைமும் இல்லாமல் பெனால்டியும் இல்லாமல் அட்லெட்டிக்கோ நேராக அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். ஏன் என்று பார்ப்போம்.

இரண்டு ஆட்டம், ஒரே கணக்கு

லீக் ஆட்டம் என்றால் சமநிலையில் முடியலாம், ஆளுக்கு ஒரு புள்ளி. நாக்-அவுட் சுற்றில் அது முடியாது. யாராவது ஓர் அணி வீட்டுக்குப் போயே ஆக வேண்டும்.

உலகக் கிண்ணத்தில் நாக்-அவுட் ஒரே ஆட்டம்தான். சாம்பியன்ஸ் லீக்கில் இறுதி ஆட்டத்தைத் தவிர மற்ற நாக்-அவுட் சுற்றுகள் இரண்டு ஆட்டமாக நடக்கும். நம் வட்டாரத்து ஆசியான் கிண்ண அரையிறுதியும் அப்படித்தான். ஒன்று உங்கள் அரங்கில், இன்னொன்று எதிரணியின் அரங்கில். இரண்டு ஆட்டத்தின் கோல்களையும் கூட்டி, எது அதிகமோ அந்த அணி முன்னேறும்.

மாட்ரிட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் ஆட்டம் ரியலின் அரங்கில். ரியல் 2, அட்லெட்டிக்கோ 1. இரண்டாவது ஆட்டம் அட்லெட்டிக்கோவின் அரங்கில்; அட்லெட்டிக்கோ 1, ரியல் 0. கூட்டினால் 2-2. அதனால்தான் ஜெயித்த அட்லெட்டிக்கோவும் கொண்டாட முடியவில்லை.

இப்போது இந்த 2-2 முடிச்சை எப்படி அவிழ்ப்பது? பழைய வழி ஒன்று இருந்தது.

அவே கோல்: நமக்கு மறக்க முடியாத அந்த 2-2

2018 ஆசியான் கிண்ண (அப்போது சுசூகி கிண்ணம்) அரையிறுதி. மலேசியாவும் தாய்லாந்தும். முதல் ஆட்டம் புக்கிட் ஜாலில் அரங்கில், 0-0. சொந்த மண்ணில் கோல் போடவில்லையே என்று பலரும் தலையில் கை வைத்தார்கள். நான்கு நாள் கழித்து, டிசம்பர் 5-ஆம் தேதி பேங்காக்கில் இரண்டாவது ஆட்டம். தாய்லாந்து இரண்டு முறை முன்னிலை பெற்றது. முதல் முறை ஷாமி சஃபாரி சமன் செய்தார், அடுத்த முறை நோர்ஷாருல் இட்லான் சமன் செய்தார். 2-2.

இரண்டு ஆட்டத்தையும் கூட்டினாலும் 2-2தான். ஆனால் மலேசியா இறுதிச் சுற்றுக்குப் போனது. காரணம், மலேசியாவின் இரண்டு கோலும் எதிரணியின் அரங்கில் போட்டவை. தாய்லாந்து புக்கிட் ஜாலிலில் ஒரு கோலும் போடவில்லை. மொத்தம் சமமாக இருந்தால், வெளி அரங்கில் யார் அதிகக் கோல் போட்டார்களோ அவர்களுக்கே வெற்றி. இதுதான் அவே கோல் விதி.

அன்று இந்த விதி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது தெரியுமா? 90 நிமிடமும் முடிந்து, இஞ்சுரி டைம் ஓடிக்கொண்டிருந்தபோது தாய்லாந்துக்கு ஒரு பெனால்டி. உள்ளே போனால் 3-2, தாய்லாந்து இறுதிச் சுற்றில். அடிசாக் கிரைசோர்ன் உதைத்த பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்தது. அந்த ஒரு உதை உள்ளே போயிருந்தால் அவே கோல் கணக்கெல்லாம் எதற்கும் உதவியிருக்காது.

இங்கே ஒரு தவறான புரிதலைச் சொல்லியாக வேண்டும். "அவே கோல்னா ரெண்டு கோல் மாதிரி" என்று பலர் சொல்வார்கள். அப்படி இல்லை. சொந்த அரங்கில் 1-0 என்று ஜெயித்து, வெளியே 1-3 என்று தோற்றால் உங்கள் மொத்தம் 2, எதிரணியின் மொத்தம் 3. நீங்கள் வெளியே. உங்கள் அவே கோலை இரண்டாக எண்ணி 3-3 என்று யாரும் ஆக்க மாட்டார்கள். மொத்தம் சமமாக இருந்தால் மட்டுமே அவே கோலைப் பார்ப்பார்கள், அதற்கு முன்னால் அது மற்ற கோல்களைப் போல ஒரு சாதாரண கோல்தான்.

சரி, இதை ஏன் கொண்டு வந்தார்கள்? 1965-இல் ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியில் லிவர்பூலும் ஜெர்மனியின் கொலோன் அணியும் மோதின. இரண்டு ஆட்டமும் 0-0. பொதுவான இடம் என்று நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் மூன்றாவது ஆட்டம் வைத்தார்கள். அதுவும் 2-2. வேறு வழியில்லாமல் இரண்டு பக்கமும் வேறு வேறு நிறம் கொண்ட ஒரு வட்டத்தைச் சுண்டினார்கள். அது சேற்றில் செங்குத்தாக நின்றுவிட்டது! மறுபடியும் சுண்டி, லிவர்பூல் ஜெயித்தது. ஐந்து மணி நேரம் ஆடிய ஆட்டத்தின் முடிவு இப்படி. அதே ஆண்டு தொடங்கிய பருவத்தில் அவே கோல் விதி ஐரோப்பியப் போட்டிகளில் நுழைந்தது.

அந்தக் காலத்தில் வெளியூர் போய் ஆடுவது உண்மையிலேயே கஷ்டம். நீண்ட பயணம், பழக்கமில்லாத திடல், வெளியே ஆடும் அணி பத்துப் பேரும் பின்னால் நின்று தடுப்பதையே வேலையாக வைத்திருக்கும். அவே கோலுக்கு மதிப்புக் கொடுத்தால் அவர்களும் முன்னேறி ஆடுவார்கள் என்று நினைத்தார்கள்.

காலப்போக்கில் அது தலைகீழானது. சொந்த அரங்கில் ஆடும் அணி, "ஒரு கோல் வாங்கிட்டா போச்சு" என்று பயந்து ஆட ஆரம்பித்தது. சொந்த அரங்கின் பலமும் குறைந்துவிட்டது. ஐரோப்பியக் காற்பந்துச் சங்கமான யூஏஃபா சொன்ன கணக்குப்படி, 1970-களின் நடுவில் 61 விழுக்காட்டு ஆட்டங்களைச் சொந்த அரங்கில் ஆடிய அணி ஜெயித்தது. பின்னர் அது 47 விழுக்காட்டுக்கு இறங்கியது.

எல்லாவற்றையும்விட மோசமானது எக்ஸ்ட்ரா டைமில் இந்த விதி நடந்துகொண்ட விதம். 2021 மார்ச்சில் யுவென்டஸும் போர்ட்டோவும் மோதின. முதல் ஆட்டம் போர்ட்டோவின் அரங்கில், போர்ட்டோ 2-1. இரண்டாவது ஆட்டம் யுவென்டஸின் அரங்கில், 90 நிமிட முடிவில் யுவென்டஸ் 2-1. மொத்தம் 3-3, ஆளுக்கு ஒரு அவே கோல். எக்ஸ்ட்ரா டைம். 115-ஆவது நிமிடத்தில் போர்ட்டோ ஒரு கோல், இரண்டு நிமிடத்தில் யுவென்டஸ் ஒரு கோல். மொத்தம் 4-4. போர்ட்டோவுக்கு இரண்டு அவே கோல், யுவென்டஸுக்கு ஒன்று. போர்ட்டோ முன்னேறியது.

யோசித்துப் பாருங்கள். போர்ட்டோவுக்கு வெளி அரங்கில் ஆட 120 நிமிடம் கிடைத்தது. யுவென்டஸுக்கு வெறும் 90 நிமிடம். எக்ஸ்ட்ரா டைம் எப்போதும் இரண்டாவது ஆட்டத்தின் அரங்கில்தான் நடக்கும், அதனால் இந்த ஏற்றத்தாழ்வு விதிக்குள்ளேயே இருந்தது. போர்ட்டோ பத்துப் பேரோடு போராடிய வீரத்தைக் குறை சொல்லவில்லை, விதிதான் கோணல். அந்த ஜூன் மாதமே யூஏஃபா அவே கோல் விதியைத் தூக்கி எறிந்தது.

இப்போது மாட்ரிட்டுக்குத் திரும்புங்கள். அட்லெட்டிக்கோ ரியலின் அரங்கில் ஒரு கோல் போட்டிருந்தது. ரியல் அட்லெட்டிக்கோவின் அரங்கில் ஒன்றும் போடவில்லை. பழைய விதிப்படி அட்லெட்டிக்கோ உள்ளே. புதிய விதிப்படி, எக்ஸ்ட்ரா டைம்.

எக்ஸ்ட்ரா டைம் வேறு, இஞ்சுரி டைம் வேறு

தமிழில் இரண்டையும் "கூடுதல் நேரம்" என்று சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. காயம், ஆட்டக்காரர் மாற்றம், வி.ஏ.ஆர். சோதனை என்று வீணாகும் நேரத்தை ஈடுகட்ட ஒவ்வொரு பாதியின் கடைசியிலும் சேர்ப்பதுதான் இஞ்சுரி டைம். எல்லா ஆட்டத்திலும் உண்டு. எக்ஸ்ட்ரா டைம் நாக்-அவுட் சுற்றுக்கு மட்டும். 15 நிமிடமாக இரண்டு பாதி, நடுவில் இடம் மாறிக்கொள்வார்கள்.

முதலில் கோல் போட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது "கோல்டன் கோல்"; 2004-க்குப் பிறகு இல்லை. இப்போது 30 நிமிடமும் முழுசாக ஆட வேண்டும். சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனவர் வெளியேதான், ஆள் குறைவாகவே தொடர வேண்டும். பெரும்பாலான பெரிய போட்டிகளில் எக்ஸ்ட்ரா டைமுக்கு என்று ஒரு மாற்று ஆட்டக்காரர் கூடுதலாகக் கிடைப்பார்.

எல்லாப் போட்டியிலும் எக்ஸ்ட்ரா டைம் இருக்கும் என்றும் இல்லை. 2024 கோப்பா அமெரிக்காவில் இறுதி ஆட்டத்துக்கு மட்டும்தான் வைத்தார்கள். மற்ற நாக்-அவுட் ஆட்டங்கள் 90 நிமிடம் முடிந்ததும் நேராகப் பெனால்டிக்குப் போயின.

120-ஆவது நிமிடம் நெருங்கும்போது பயிற்சியாளர்களின் முகத்தைப் பாருங்கள். ஷூட்அவுட்டில் உதைக்க வேண்டும் என்றால், எக்ஸ்ட்ரா டைம் முடியும் விசில் ஊதும்போது அந்த ஆட்டக்காரர் திடலில் இருந்திருக்க வேண்டும். பெஞ்சில் இருக்கும் பெனால்டி மன்னனைப் பிறகு கூப்பிட முடியாது. அதனால்தான் கடைசி நிமிடத்தில் திடீர் மாற்றங்கள். 2014 உலகக் கிண்ணக் காலிறுதியில் நெதர்லாந்தின் பயிற்சியாளர் வான் ஹால், ஆட்டம் முடியும் தறுவாயில் கோல் காவலரையே மாற்றினார். உள்ளே வந்த டிம் க்ரூல் கோஸ்டா ரிக்காவின் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். 2021-இல் யூரோ இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து அதேபோல் ரேஷ்ஃபர்டையும் சான்சோவையும் கடைசி நிமிடத்தில் இறக்கியது. பந்தைச் சரியாகத் தொட்டுக்கூடப் பழகாமல் வந்த இருவருமே பெனால்டியைத் தவறவிட்டார்கள்.

ஷூட்அவுட்: ஐந்து முடியும் முன்பே முடிவது எப்படி?

மாட்ரிட்டில் எக்ஸ்ட்ரா டைமிலும் கோல் விழவில்லை. ஷூட்அவுட்.

நடுவர் இரண்டு முறை நாணயம் சுண்டுவார். ஒன்று எந்தப் பக்கத்துக் கோலில் உதைப்பது என்று. அடுத்தது, யார் முதலில் உதைப்பது என்று. பிறகு ஒரு அணி மாற்றி ஒரு அணி, ஆளுக்கு ஐந்து உதை. சாதாரண பெனால்டியில் கோல் காவலர் தடுத்த பந்து திரும்பி வந்தால் மறுபடி உதைத்துக் கோல் போடலாம். ஷூட்அவுட்டில் அது கிடையாது. ஆனால் பந்து கம்பத்தில் பட்டு, காவலரின் முதுகில் பட்டு உள்ளே உருண்டால் கோல்தான்.

அன்று முதலில் உதைத்தது ரியல். எம்பாப்பே, கோல். அட்லெட்டிக்கோவுக்கு சோர்லோத், கோல். பெல்லிங்ஹாம், கோல். அட்லெட்டிக்கோவின் இரண்டாவது உதை ஹூலியன் ஆல்வாரஸ். பந்து வலைக்குள் போனது, ஆனால் கோல் இல்லை என்று அறிவித்தார்கள் (அதற்கு வருகிறேன்). வல்வெர்டே, கோல். கொரேயா, கோல். ரியலின் லூக்காஸ் வாஸ்கெஸ் உதைத்ததை அட்லெட்டிக்கோ காவலர் ஓப்லாக் தடுத்தார். உடனே சமன் செய்யும் வாய்ப்பு வந்தது, ஆனால் யொரெந்தேயின் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

ஆளுக்கு நான்கு உதை முடிந்தபோது ரியல் 3, அட்லெட்டிக்கோ 2. ரியலின் ஐந்தாவது உதைக்கு ரூடிகர் வந்தார். ஓப்லாக்கின் கையில் உரசிக்கொண்டே பந்து உள்ளே போனது. 4-2. அட்லெட்டிக்கோவுக்கு இன்னும் ஒரு உதை பாக்கி இருந்தது, ஆனால் அதைப் போட்டாலும் 3தான் ஆகும். எட்ட முடியாது என்று தெரிந்த அந்தக் கணமே ஷூட்அவுட் முடிந்துவிடும். வீட்டில் பார்க்கும்போது இதை நீங்களே கண்டுபிடிக்கலாம்: பின்தங்கிய அணியின் கோலோடு அதற்கு மீதமிருக்கும் உதைகளைக் கூட்டுங்கள். அது மற்ற அணியின் கோலைவிடக் குறைவாக இருந்தால் கதை முடிந்தது.

ஐந்து உதைக்குப் பிறகும் சமம் என்றால் "சடன் டெத்". ஆளுக்கு ஒன்றாக உதைப்பார்கள். ஒரே சுற்றில் ஒருவர் போட்டு இன்னொருவர் தவறவிட்டால் அங்கேயே முடிவு. திடலில் இருக்கும் எல்லாரும், கோல் காவலர் உட்பட, ஒரு முறை உதைத்து முடிக்கும்வரை யாரும் இரண்டாவது முறை உதைக்கக்கூடாது. ஓர் அணியில் சிவப்பு அட்டையால் பத்துப் பேர் மட்டும் இருந்தால், மற்ற அணியும் ஒருவரை நீக்கிப் பத்தாக வேண்டும். இல்லாவிட்டால், பதினொரு பேர் இருக்கும் அணியின் மிக பலவீனமான ஆள் உதைக்கும் நேரத்தில் பத்துப் பேர் அணியின் நட்சத்திரம் இரண்டாவது முறை வந்து நிற்பார்.

ஆல்வாரஸின் அந்த இரண்டு தொடுதல்

ஓடி வந்து உதைக்கும்போது ஆல்வாரஸின் கால் வழுக்கியது. வலது காலால் உதைத்த அதே நேரத்தில், ஊன்றியிருந்த இடது காலும் பந்தை மிக லேசாகத் தொட்டுவிட்டது. பெனால்டி உதைப்பவர், வேறு யாராவது பந்தைத் தொடும் முன்பு இரண்டாவது முறை தொடக்கூடாது. வி.ஏ.ஆர். அதைக் கண்டுபிடித்தது. அப்போதைய விதிப்படி, தெரியாமல் பட்டாலும் உதை செல்லாது.

இந்த விதி எழுதப்பட்டது, கம்பத்தில் பட்டுத் திரும்பும் பந்தை அதே ஆள் மறுபடி உதைப்பதைத் தடுக்க. வழுக்கி விழும் ஒருவரை மனத்தில் வைத்து யாரும் எழுதவில்லை. 2025 ஜூனில் விதிகளை வகுக்கும் ஐஃபாப் அமைப்பு அதைத் தெளிவுபடுத்தியது: தெரியாமல் இரண்டு முறை பட்டு, பந்து கோலுக்குள் போனால், மறுபடி உதைக்க விட வேண்டும். கோலாகவில்லை என்றால் தவறவிட்டதாகவே கணக்கு.

அட்லெட்டிக்கோ ரசிகர்களுக்கு இது மூன்று மாதம் தாமதம். ஆல்வாரஸ் மறுபடி உதைத்துப் போட்டிருந்தால், நான்கு உதை முடிவில் 3-3 ஆகியிருக்கும். ரூடிகரின் உதையோடு முடிந்திருக்காது.

ஷூட்அவுட்டில் ஒரு மலேசியர்

பெனால்டி ஷூட்அவுட் பிறந்த கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் காலிறுதியில் இஸ்ரேலும் பல்கேரியாவும் சமமாக ஆடின. சீட்டு எடுத்துப் பார்த்து பல்கேரியாவுக்கு வெற்றி என்றார்கள். இஸ்ரேலியர்கள் இருவர், மைக்கேல் அல்மோக், யோசெப் தகான், சீட்டுக்குப் பதிலாகப் பெனால்டி உதைகளால் முடிவு செய்யலாம் என்று யோசனை சொன்னார்கள். அதை ஃபிஃபாவில் முன்னின்று எடுத்துச் சென்றவர் நடுவர் குழுவில் இருந்த மலேசியர் கோ யூ டேக். 1970 ஜூனில் ஐஃபாப் அதை ஏற்றுக்கொண்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தில் ஹல் சிட்டியும் மான்செஸ்டர் யுனைட்டெட்டும் புதிய விதிப்படி ஷூட்அவுட் ஆடின. யுனைட்டெட்டின் ஜார்ஜ் பெஸ்ட் முதல் ஆளாகப் போட்டார். அதே அணியின் டெனிஸ் லா உதைத்ததை ஹல் காவலர் இயன் மெக்கெக்னி தடுத்தார். கடைசியில் தன் அணியைக் காப்பாற்ற உதைக்க வந்ததும் அதே மெக்கெக்னிதான். அவர் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போனது.